'முழு விவரம் எழுதுக' என்பது கேள்வியாகுமா?



மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வரும் கடிதங்களில் பல, வந்தபடியே பதில் சொல்லத் தக்கவையாக இருப்பதில்லை. எழுதுகிறவர் தம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் செய்தியை எழுதிவிடுகிறார். தீர்ப்பு எந்தச் செய்தியின் மீது நிற்கிறதோ அதை விட்டுவிடுகிறார். இது அவர் குற்றமன்று. எது வேண்டும், எது வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அவர் ஆலிமைத் தேடி வந்திருக்கவே மாட்டார். ஆகவே ஆலிம் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டியதாகிறது. அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்வியை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். மஹல்லாக்களில் இமாமத் செய்யும் ஆலிம்களுக்கும், பாகப்பிரிவினைப் பேச்சுகளில் நடுவர்களாக உட்காரும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

ஒரு கடிதம் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்:

'எங்கள் வாப்பா மவ்த்தாகி ஏழு வருடமாகிறது. உம்மா இருக்கிறார்கள். நாங்கள் ஆண்மக்கள் இருவர், சகோதரி ஒருவர். மூவருக்கும் நிக்காஹ் முடிந்து பல வருடமாகிறது. ஒரு வீடும், வாப்பா வியாபாரம் செய்த கடையும் இருக்கின்றன. கடை தம்பிக்கு என்று வாப்பா சொல்லியிருந்தார்கள். இப்போது பிரிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு சேரும்?'

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? 'தங்கள் கடிதத்தில் விவரம் போதாது. வாரிசுகள் பற்றியும், கடை பற்றியும் முழு விவரம் எழுதி அனுப்பவும்' என்று இரண்டு வரி எழுதித் தபாலில் சேர்த்துவிடுகிறோம்.

அதற்கு வரும் பதில் எப்படி இருக்கும்? நான்கு பக்கம் இருக்கும். வாப்பாவின் நோய்க்கு மருத்துவச் செலவு செய்தது யார், சகோதரிக்கு நிக்காஹில் எத்தனை பவுன் போடப்பட்டது, தம்பியின் மனைவி பேசிய பேச்சு என்ன, கடைக்கு முதல் போட்டபோது அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் எவ்வளவு என்றெல்லாம் எழுதியிருக்கும். அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நமக்கு வேண்டிய செய்தி அந்த நான்கு பக்கத்திலும் இராது. முழு விவரம் என்று கேட்டோம். அவரும் தமக்கு முழுமை என்று தோன்றியதை எழுதினார். நமக்கு எது முழுமை என்று அவர் எப்படி அறிவார்? தெரியாதவரிடம், எது தேவை என்று தேர்ந்தெடுக்கும் வேலையையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டோம். 'முழு விவரம் எழுதுக' என்பது பார்வைக்குக் கேள்வி போலத் தோன்றினாலும், உண்மையில் நம் வேலையை அவர் தலையில் ஏற்றிவைப்பதேயாகும்.

இவ்விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையைக் கவனியுங்கள். ஒரு மனிதர், புவானா என்னும் இடத்தில் ஒட்டகம் அறுப்பதாக நேர்ந்துகொண்டு, அதை நிறைவேற்றலாமா என்று கேட்டு வந்தார். ஸாபித் இப்னு ளஹ்ஹாக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம், ஏன் நேர்ந்தாய், எப்போது நேர்ந்தாய், அந்த இடத்தைப் பற்றி எல்லாம் சொல் என்று கேட்கவில்லை. அறியாமைக் காலத்தில் வணங்கப்பட்ட சிலை ஏதும் அங்கே இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. அம்மக்களின் பண்டிகை ஏதும் அங்கே நடந்ததுண்டா என்று கேட்டார்கள். அதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. உடனே, நேர்ச்சையை நிறைவேற்றும்படி சொல்லிவிட்டார்கள்.

இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். அந்த ஊரைத் தெரிந்த எவரும் யோசிக்காமல் பதில் சொல்லலாம். இரண்டும் தீர்ப்பை மாற்றக்கூடியவை. சிலை இருந்திருந்தால் தீர்ப்பு வேறு. பண்டிகை நடந்திருந்தால் தீர்ப்பு வேறு. தீர்ப்பை மாற்றாத ஒரு கேள்விகூட அங்கே கேட்கப்படவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமான் (ரலி) அவர்களுக்கு ஓர் அடிமையை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் சாட்சியாக இருக்கவேண்டும் என்று விரும்பி வந்தார்கள். உன் மக்கள் எல்லாருக்கும் இதைப் போலக் கொடுத்தாயா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. இல்லை என்றதும் நாயகம் (ஸல்) அவர்கள் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். குடும்பத்தின் வரலாறு முழுவதையும் விசாரிக்காமல், தீர்ப்பு எந்த இடத்தில் பிரிகிறதோ அந்த இடத்திலேயே கேள்வி வைக்கப்பட்டது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் விதி இதுதான்: கேள்வியை எழுதுமுன் பதிலை எழுதிப் பார்க்க வேண்டும். கையிலிருக்கும் செய்தியை வைத்துத் தீர்ப்பை எழுதத் தொடங்குங்கள். எந்த இடத்தில் 'இப்படியிருந்தால் இது, அப்படியிருந்தால் அது' என்று பேனா நின்றுவிடுகிறதோ, அதுவே கேள்வி பிறக்கும் இடம். அங்கே பிரிகிற கிளைகளே கேள்விக்குக் கீழே நாம் கொடுக்க வேண்டிய (அ), (ஆ), (இ) ஆகும். பேனா நிற்காத இடத்தில் கேள்வி வேண்டாம்.

மேலே சொன்ன கடிதத்தை எடுத்து இப்படிச் செய்து பார்ப்போம்.

மவ்த்தானவருக்கு மக்கள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இங்கே பேனா நிற்கவில்லை. ஆண்மக்கள் இருவர், பெண் ஒருவர்; மிச்சத்தை ஐந்தாக்கி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. இதிலும் தடையில்லை. ஆனால் மிச்சம் எவ்வளவு? மவ்த்தானவரைப் பெற்ற தாயோ தகப்பனோ அன்று உயிரோடிருந்திருந்தால் அவர்களுக்கு ஆறில் ஒன்று வீதம் உண்டு. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இங்கே பேனா நிற்கிறது. ஆகவே இது முதற்கேள்வி.

அடுத்து, கடை. அது வாப்பா உயிரோடிருக்கும்போதே கொடுத்த அன்பளிப்பா, தம் காலத்துக்குப் பின் சேர வேண்டும் என்ற வஸிய்யத்தா, அல்லது வெறும் விருப்பமா? அன்பளிப்பு என்றால் ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் அது ஒப்படைக்கப்பட்டு மகன் கைக்கு வந்திருக்க வேண்டும். வஸிய்யத் என்றால், வாரிசுக்குச் செய்த வஸிய்யத் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி நடவாது. இங்கே பேனா இரண்டு முறை நிற்கிறது: சொன்னது என்ன, ஒப்படைத்தது உண்டா என்று.

கடன், ஜனாஸாச் செலவு பற்றிக் கேட்க வேண்டாமா என்று ஒருவர் நினைக்கலாம். அவை பங்கின் அளவை மாற்றுவதில்லை. பங்கு பிரிக்குமுன் கழிக்கப்பட வேண்டியவை. ஆகவே அவற்றைப் பதிலின் தலைப்பில் நிபந்தனையாக எழுதினால் போதும். அதேபோல, தம்பி அப்போது சிறு பிள்ளையா என்று கேட்பதும் வீண். சிறு பிள்ளைக்குத் தகப்பனே கொடுத்தால், பிள்ளைக்காகத் தகப்பனின் கைவசமே போதும் என்பதால் அந்தக் கேள்விக்கு வேறிடத்தில் மதிப்புண்டு. ஆனால் நிக்காஹ் முடிந்து பல வருடம் என்று கடிதத்திலேயே இருக்கிறது. கடிதத்தில் இருப்பதைத் திருப்பிக் கேட்டால், இவர் நம் கடிதத்தைப் படிக்கவே இல்லை என்று எழுதினவர் மனம் நோகும். கேள்வி எழுதுமுன் கடிதத்தை இருமுறை படிப்பது கடமை.

இப்போது கேள்விகளின் சொல்லுக்கு வருவோம். குறை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

முதற்கேள்வியை, 'தங்கள் வாப்பாவின் தாயார் இருக்கிறார்களா?' என்று எழுதினால் சின்னதாகவும் தெளிவாகவும் தோன்றுகிறதல்லவா? ஆனால் அது ஆபத்தான கேள்வி. அந்த மூதாட்டி மகனுக்குப் பின் நான்கு வருடம் வாழ்ந்து மவ்த்தாகியிருக்கலாம். கடிதம் எழுதியவர் இன்றைய நிலையை நினைத்து 'இல்லை' என்று எழுதிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலே சொன்னார். அதை நம்பி நாம் 40 பங்காக்கி, மனைவிக்கு 5, ஆண்மக்களுக்கு 14 வீதம், பெண்ணுக்கு 7 என்று எழுதிவிடுவோம். கணக்கு அழகாக முடியும். ஆனால் ஒரு தாயின் உரிமை அதில் மறைந்துபோகும். வாரிசுரிமை நிலைபெறுவது மவ்த் நிகழும் நேரத்தில். ஆகவே கேள்வியில் 'வாப்பா மவ்த்தான அன்று' என்னும் சொற்கள் இருந்தே தீரவேண்டும். ஒரு கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுவே: யார், எப்போது, எந்தப் பொருள் என்பதில் படிப்பவர் வேறு அர்த்தம் கொள்ள இடம் வைக்கக் கூடாது.

இரண்டாவதாக, கடையைப் பற்றி 'ஹிபா நிறைவேறியதா?' என்று கேட்கக் கூடாது. அது நிறைவேறியதா இல்லையா என்பது தீர்ப்பு. அதைச் சொல்ல வேண்டியவர் நாம். அவரிடம் கேட்க வேண்டியது கண்ணால் கண்ட செயல். கடைச் சாவி யார் கையில் இருந்தது? கல்லாவில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் செய்தது யார்? இதற்கு ஓதாதவரும் பதில் சொல்லலாம். அண்டைக் கடைக்காரரும் சாட்சி சொல்லலாம். கிதாபின் சொல்லைக் கேள்வியில் வைத்தால் அவர் அதன் பொருளை ஊகித்துப் பதில் எழுதுவார். அந்த ஊகத்தின் மீது நாம் தீர்ப்புக் கட்டுவோம்.

மூன்றாவது, 'வாப்பா கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டார்கள் அல்லவா?' என்பது போலச் சாய்வாகக் கேட்பதும் தவறு. 'அல்லவா' என்னும் சொல் விரும்பும் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எல்லாக் கிளைகளையும் ஒரே நிறையில், ஒரே நீளத்தில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். இத்தனை கிளைகளையும் எழுதிக் காட்டினால், கேட்பவர் தமக்கு இலாபமான கிளையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள மாட்டாரா? இந்த அச்சம் புதிதன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 676) தம் 'அல்மஜ்மூஃ' நூலின் முகவுரையில் ஃபத்வாவின் ஒழுங்குகளைச் சொல்லும்போது இதைப் பேசியிருக்கிறார்கள். பிரிவுகள் உள்ள மஸ்அலாவுக்குப் பிரிவு பார்க்காமல் மொத்தமாகப் பதில் எழுதக் கூடாது; கேட்டவர் எதிரே இருந்தால் அவரிடமே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது அங்கே கிடைக்கும் வழிகாட்டல். 'இப்படியானால் இது, அப்படியானால் அது' என்று எல்லாப் பிரிவுகளுக்கும் பதிலை விரித்து எழுதிக் கொடுப்பதை மாலிக்கீ அறிஞர் அபுல் ஹஸன் அல்காபிஸீ (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதும், அது மக்களுக்குத் தீய வழியைக் கற்றுக்கொடுப்பதாகும் என்று அவர்கள் கருதினார்கள் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது.

கூர்ந்து பார்த்தால், அவர்கள் வெறுத்தது பிரிவுகளைக் கேட்பதை அன்று. ஒவ்வொரு பிரிவோடும் அதன் தீர்ப்பைச் சேர்த்துக் காட்டுவதையே. 'சாவி தம்பியிடம் இருந்தால் கடை தம்பிக்கு, வாப்பாவிடம் இருந்தால் எல்லாருக்கும் பங்கு' என்று எழுதி அனுப்பினால், அது கேள்வியன்று, விலைப்பட்டியல். எதைச் சொன்னால் எது கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வெறுமனே 'சாவி யாரிடம் இருந்தது?' என்று கேட்டு மூன்று நிலைகளைக் குறித்தால் எது எந்தத் தீர்ப்பைக் கொண்டுவரும் என்று அவர் அறியார். ஆகவே கிளைகளைக் கொடுங்கள்; கிளைகளின் கனியைக் காட்டாதீர்கள்.

கிளைகளை எழுதும்போது இன்னும் இரண்டு கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும். நாம் நினைத்தபடியே உலகம் நடப்பதில்லை. ஆகவே எதுவும் பொருந்தாவிட்டால் நடந்ததை எழுத ஒரு வரி இடம் வேண்டும். தெரியாதவர் தெரியாது என்று சொல்லவும் வழி வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டால், பாவம், அவர் ஏதாவது ஓர் எழுத்தைக் குறித்து அனுப்புவார். அறியாததை அறிந்ததாகச் சொல்லவைத்த பொறுப்பு நம்மைச் சேரும்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு எழுதினால் கடிதம் இப்படி அமையும்:

'அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத மூன்று செய்திகள் தேவை. பொருந்தும் எழுத்தைக் குறித்து அனுப்புக. எதுவும் பொருந்தாவிட்டால் நடந்ததை ஒரு வரியில் எழுதுக. தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுக.

1. வாப்பா மவ்த்தான அன்று, வாப்பாவைப் பெற்றவர்களில் உயிரோடிருந்தவர் யார்? (அ) தாயார் மட்டும் (ஆ) தகப்பனார் மட்டும் (இ) இருவரும் (ஈ) இருவருமில்லை.

2. கடையைப் பற்றி வாப்பா சொன்னது எது? (அ) தம்பிக்கு இப்போதே கொடுத்துவிட்டதாக (ஆ) தம் காலத்துக்குப் பின் தம்பிக்குச் சேர வேண்டுமென்று (இ) காலம் எதுவும் சொல்லாமல், தம்பிக்கு என்று மட்டும்.

3. அப்படிச் சொன்ன நாளிலிருந்து மவ்த் வரை கடைச் சாவியும் வியாபாரமும் யார் கையில் இருந்தன? (அ) வாப்பா (ஆ) தம்பி (இ) இருவரும்.

இதைத் தம்பிக்கும் காட்டி, இருவரும் கையெழுத்திட்டு அனுப்புக.'

கடைசி வரியைக் கவனித்தீர்களா? கடிதம் எழுதியவர் அண்ணன். கடை பங்குக்கு வந்தால் அவருக்கு இலாபம். வராவிட்டால் தம்பிக்கு இலாபம். இலாபம் எதிரெதிராக உள்ள இருவரும் ஒரே எழுத்தைக் குறித்துக் கையெழுத்திட்டால் அந்தச் செய்தியை நம்பி எழுதலாம். இருவரும் வெவ்வேறு எழுத்தைக் குறித்தால் அது மஸ்அலா அன்று, வழக்கு. இருதரப்பையும் சாட்சிகளையும் நேரில் வைத்துக் கேட்க வேண்டியது. அஞ்சலில் தீர்க்க முற்படக் கூடாது. அதையும் இந்தச் சிறு கடிதமே நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதில் வருகிறது: முதலாவதற்கு (அ), இரண்டாவதற்கு (இ), மூன்றாவதற்கு (அ). இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. கூடவே ஒரு வரி: 'வாப்பாவின் தாயார் மூன்று வருடத்துக்கு முன் மவ்த்தாகிவிட்டார்கள்.'

கடையின் நிலை தெளிவாகிவிட்டது. வாப்பா கடைசிவரை சாவியைத் தம் கையில் வைத்திருந்து, தாமே வியாபாரமும் செய்ததால் அன்பளிப்பு நிறைவேறவில்லை. வீட்டைப் போலக் கடையும் பங்குக்கு உரியது. மற்ற வாரிசுகள் மனமொப்பித் தம் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் அது வேறு.

வாரிசு விஷயத்தில் இப்போது ஒரு புதுக் கேள்வி பிறந்திருக்கிறது. மூதாட்டியின் ஆறில் ஒன்று அவருடைய வாரிசுகளுக்குப் போக வேண்டும். அவர்கள் யார்? இதை முதற்கடிதத்திலேயே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் சேர்த்தால், (ஈ) என்று குறிக்கக்கூடிய பத்துப் பேருக்கும் தேவையில்லாத கேள்வி போய்ச் சேரும். கடிதம் நீண்டு, முக்கியமானது மங்கும். ஒரு பதிலிலிருந்து பிறக்கும் கேள்வியை அந்தப் பதில் வந்த பின்பே கேட்பது நல்லது. ஆகவே இரண்டாவது கடிதத்தில் ஒன்றே ஒன்று:

'வாப்பாவின் தாயார் மவ்த்தான அன்று உயிரோடிருந்தவர்களைக் குறிக்கவும்: (அ) கணவர் (ஆ) தாய் அல்லது தகப்பன் (இ) ஆண்மக்கள், எத்தனை பேர்? (ஈ) பெண்மக்கள், எத்தனை பேர்?'

பதில்: (ஈ) மட்டும், ஒருவர். அதாவது வாப்பாவின் சகோதரி, இவர்களுக்கு மாமி. வெளியூரில் வாழ்கிறவர். முதற்கடிதத்தில் அவர் பெயரே இல்லை. வாப்பாவின் வீட்டில் தமக்குப் பங்கு உண்டு என்று அவரும் நினைத்ததில்லை, இவர்களும் நினைத்ததில்லை.

இப்போது கணக்கு. மொத்தத்தை 120 பங்காக வைத்துக்கொள்வோம். எட்டில் ஒன்றான 15 உம்மாவுக்கு. ஆறில் ஒன்றான 20 வாப்பாவின் தாயாருக்கு. மிச்சம் 85. ஆண்மக்கள் இருவருக்கும் 34 வீதம், பெண்ணுக்கு 17. பின்பு மூதாட்டியின் 20ஐப் பிரிக்க வேண்டும். ஒரே மகள் ஆதலால் பாதியான 10 மாமிக்கு. மீதி 10 மகன்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு: ஆண்களுக்கு 4 வீதம், பெண்ணுக்கு 2. ஆக முடிவில் உம்மாவுக்கு 15, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 38, சகோதரிக்கு 19, மாமிக்கு 10. கூட்டிப் பாருங்கள், 120 வரும். வீடும் கடையும் சேர்ந்து 12 இலட்சம் பெறுமானால், அதில் ஓர் இலட்சம் அந்த மாமியுடையது.

'தாயார் இருக்கிறார்களா?' என்று கேட்டிருந்தால் இந்த ஓர் இலட்சமும் நம் கையெழுத்தோடும் முத்திரையோடும் மற்றவர்களுக்குப் போயிருக்கும். 'முழு விவரம் எழுதுக' என்று கேட்டிருந்தாலும் நான்கு பக்கத்தில் அந்தப் பெண்மணியின் பெயர் வந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 'மவ்த்தான அன்று' என்ற இரண்டு சொற்களும், அவற்றின் கீழிருந்த நான்கு எழுத்துகளும் அவருடைய உரிமையை வெளிக்கொண்டுவந்தன.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கணவன் கோபத்தில் சொன்ன சொல்லைப் பற்றித் தலாக் விஷயமாகக் கேள்வி வந்தால், 'இப்படிச் சொன்னாரா, அப்படிச் சொன்னாரா' என்று சொற்களை வரிசைப்படுத்திக் கொடுக்கக் கூடாது. அங்கே தீர்ப்பு நிற்பதே நாவிலிருந்து வந்த சொல்லின் மீது. நாம் சொற்களைக் கொடுத்தால், அச்சத்தில் இருக்கும் மனிதர் சொன்ன சொல்லை மறந்து, நாம் கொடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்வார். கடை விஷயத்தில் வாப்பாவின் பேச்சைப் பற்றி நாம் கிளைகள் கொடுத்தபோது, எதிரெதிர் இலாபமுள்ள இருவரின் கையெழுத்து நமக்குக் காவலாக இருந்தது. சாவி பற்றிய கேள்வியும் இருந்தது. இங்கே அந்தக் காவல் இல்லை. ஆகவே 'அவர் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை, எந்த மொழியில் சொன்னாரோ அதே மொழியில், கூட்டாமல் குறைக்காமல் ஒரு வரியில் எழுதுக' என்று மட்டுமே கேட்க வேண்டும். அதுவும் குறுகிய கேள்விதான், குறிப்பான கேள்விதான். அந்த வாக்கியம் கைக்கு வந்த பின், எத்தனை முறை சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பவற்றுக்குக் கிளைகள் வைத்துக் கேட்கலாம்.

அன்புச் சகோதரர்களே! உங்களிடம் வரும் அடுத்த கடிதத்துக்கு 'முழு விவரம்' என்று எழுதப் பேனாவைத் திறக்கும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். தனித்தாளில் தீர்ப்பை எழுதிப் பாருங்கள். பேனா எங்கே நிற்கிறது என்று கண்டு, அந்த இடத்தை மட்டும் கேளுங்கள். கடிதத்தில் பெயரில்லாத வாரிசின் உரிமையைக் குறித்தும் நாளை நம்மிடம் கேட்கப்படும். எவருடைய உரிமையும் நம் பேனாவால் பறிபோகாதபடி வல்ல நாயன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.